12-வது வாரத்தில் நோயாளி வார்டில் இருக்க மாட்டார்: வளர்சிதைமாற்றக் கண்காணிப்பை ஒரு பக்கத்தில் எழுதுவது

கேள்வி: மனநல வார்டில் இரண்டாம் ஆண்டு பட்ட மேற்படிப்பு மாணவி நான். மனச்சிதைவு மருந்துகள் எடுக்கும் உள்நோயாளிகளுக்கு எடை, சர்க்கரை, கொழுப்பு கண்காணிக்க ஒரே பக்கத்தில் ஒரு நெறிமுறை எழுதித் தரும்படி துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். படிக்கப் படிக்க வழிகாட்டுதல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எதை எடுப்பது, எதை விடுவது? பழைய பக்கம் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கிறது; யாரும் அதைப் பார்ப்பதில்லை.

பதில்:

சுவரில் இருக்கும் பக்கத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அது ஓர் அட்டவணையாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்: இடப்பக்கம் பரிசோதனைகள், மேலே வாரங்கள், நடுவில் டிக் குறிகள். 2004-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் வேறு இரு அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கையில் அப்படி ஓர் அட்டவணை இருந்தது. பல வார்டுச் சுவர்களில் இருப்பவை அதன் நகல்களாகவே இருக்கக்கூடும். அது பிழையான அட்டவணை அல்ல, புறநோயாளிக்காக எழுதப்பட்டது. எடையை 4, 8, 12-வது வாரங்களில் பார்க்கச் சொல்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலும் 12-வது வாரத்திலும் பார்க்கச் சொல்கிறது. உங்கள் வார்டில் ஒருவர் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார்? மூன்று, நான்கு வாரம் என்றால், அந்த அட்டவணையின் டிக் குறிகளில் முதல் நெடுவரிசையைத் தவிர ஏறக்குறைய எல்லாமே அவர் வீட்டுக்குப் போன பிறகு வருகின்றன. செவிலியர் அதைப் பார்ப்பதில்லை என்றால், அதில் அவர் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை என்பதுதான் காரணம்.

ஆகவே சான்றுகளைச் சுருக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இவற்றில் எது வார்டின் கையில் இருக்கிறது என்பது. மூன்று தருணங்கள்தான் இருக்கின்றன: சேர்க்கை, வாரா வாரம் எடை பார்க்கும் நாள், வீட்டுக்கு அனுப்பும் நாள். பக்கத்தை அந்த மூன்றாகப் பிரியுங்கள். மற்றதெல்லாம் பின்னிணைப்புக் கோப்பில் இருக்கட்டும்.

முரண்பாடுகளுக்கு வருகிறேன். நீங்கள் பயப்படும் அளவுக்கு அவை பெரியவை அல்ல. இரண்டு இடங்களில் மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

முதலாவது, எடையை எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்ப்பது. 2004 அறிக்கை நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் 6 வாரம் வாரந்தோறும், பிறகு 12-வது வாரம், ஓராண்டு, அதன்பின் ஆண்டுதோறும் என்கிறது. எந்த இடைவெளி சிறந்தது என்பதை நேரடி ஒப்பீட்டு ஆய்வு எதுவும் தீர்த்து வைக்கவில்லை. இரண்டும் நிபுணர்களின் உடன்பாடுதான். அப்படியிருந்தும் வார்டுக்கு வாராந்திர எடையையே எடுங்கள் என்பேன். ஓலான்சாபின் எடுப்பவருக்கு முதல் மூன்று வாரங்களில் எடை வேகமாகக் கூடினால் பின்னாளில் நிறையக் கூடும் வாய்ப்பு அதிகம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. அந்த மூன்று வாரமும் அவர் உங்கள் கண் முன்னால் இருக்கிறார். எடை பார்க்கச் செலவும் இல்லை, ஊசியும் இல்லை. நான்காவது வாரம்வரை காத்திருந்தால் முன்னறிவிப்பு கிடைக்கும் காலத்தை நாமே விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, எவ்வளவு கூடினால் நடவடிக்கை. 2004 அறிக்கை தொடக்க எடையில் 5% கூடினால் மருந்தை மாற்றுவது பற்றி யோசிக்கச் சொன்னது. மருந்தாய்வுகள் பெரும்பாலும் 7% என்ற எல்லையைப் பயன்படுத்துகின்றன. அது ஆய்வுகளை ஒப்பிடுவதற்கான எல்லை, சிகிச்சைக்கானது அல்ல. 2024-இல் வெளியான மெட்ஃபார்மின் வழிகாட்டுதல் 3% கூடினாலே மெட்ஃபார்மின் தொடங்கலாம் என்கிறது. ஓலான்சாபின், குளோசாபின் என்றால் மருந்தோடு சேர்த்தே தொடங்கச் சொல்கிறது. இவற்றை முரண்பாடாகப் பார்க்காமல் படிகளாகப் பாருங்கள். 3% முதல் படி, அங்கே எளிய தலையீடு. 5% இரண்டாவது படி, அங்கே மூத்த மருத்துவரின் முடிவு. 7% பக்கத்தில் வரவே வேண்டாம்.

ஆய்வுகளின் எண்களும் இப்படித்தான் முரண்படுவது போலத் தோன்றும். 2005-இல் வெளியான அமெரிக்காவின் கேட்டி ஆய்வில் ஓலான்சாபின் எடுத்தவர்களில் 30% பேருக்கு எடை 7 சதவீதமோ அதற்கு மேலோ கூடியது. 2008-இல் வெளியான ஐரோப்பாவின் யூஃபெஸ்ட் ஆய்வில் அதே மருந்தில், ஏறக்குறைய அதே எல்லையில், 86%. எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம். கேட்டியில் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் மருந்து எடுத்தவர்கள். ஏற வேண்டிய எடை பலருக்கு ஏற்கெனவே ஏறியிருந்தது. யூஃபெஸ்டில் முதல்முறை நோய் வந்தவர்கள். அதே ஆய்வில் ஹாலோபெரிடால் எடுத்தவர்களிலும் பாதிக்கு மேல், 53% பேர், அந்த எல்லையைத் தாண்டினார்கள். பக்கத்தில் எழுத வேண்டியது இந்த எண்கள் அல்ல, இவற்றிலிருந்து கிடைக்கும் ஒரு வரி: முதன்முறை மருந்து எடுப்பவர் எந்த மருந்து எடுத்தாலும் வாரந்தோறும் எடை. ‘ஓலான்சாபின், குளோசாபினுக்கு மட்டும்’ என்று எழுதினால், ரிஸ்பெரிடோனோடு வால்ப்ரோயேட் சேர்த்து எடுக்கும் 19 வயதுப் பையன் கண்காணிப்பிலிருந்து நழுவிவிடுவான்.

இனி நடவடிக்கை. பிரிட்டனில் ஹெலன் லெஸ்டரின் பெயர் தாங்கிய ஓர் ஒற்றைப் பக்க வழிகாட்டி உண்டு. ‘வெறுமனே சோதிக்காதே, தலையிடு’ என்ற முழக்கம் அதோடு சேர்ந்து வந்தது. அளந்து எழுதி வைப்பதால் மட்டும் யாருக்கும் எடை குறைவதில்லை. எனவே பக்கத்தின் ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன எண், அந்த எண்ணில் என்ன செய்வது, யார் செய்வது. இந்த மூன்றையும் நிரப்ப முடியாத வரியை எடுத்துவிடுங்கள். புரொலாக்டின், ஈசிஜி, கல்லீரல் சோதனை எல்லாம் தேவையானவைதான். ஆனால் அவை வேறு பக்கம். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் திணிக்கும் ஆசையை இங்கேயே அடக்கிவிடுங்கள். துறைக் கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சேர்க்கச் சொல்வார்கள்.

ஒரு நோயாளியை வைத்து நடத்திப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக நானே அமைத்தது. எண்கள் வழக்கமாகக் காண்பவைதான். வயது 24, ஆண், முதல்முறை மனச்சிதைவு, இதுவரை மருந்து எடுத்ததில்லை. மார்ச் 3 அன்று சேர்க்கை, அன்றே ஓலான்சாபின் தொடக்கம். உயரம் 168 செ.மீ., எடை 58.0 கிலோ, பி.எம்.ஐ. 20.5. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். வெறும் வயிற்றுச் சர்க்கரை 92.

மார்ச் 10 அன்று 58.9 கிலோ. 17 அன்று 60.1. 24 அன்று 61.3. அன்றைய பி.எம்.ஐ. 21.7. இந்தியர்களுக்கு 23-லிருந்து மிகை எடை, 25-லிருந்து உடற்பருமன் என்று கணக்கிடுகிறோம். அந்தக் கடுமையான அளவுகோலிலும் இவர் ‘இயல்பு’தான். பி.எம்.ஐ. மட்டும் எழுதும் கேஸ் ஷீட்டில் மூன்று வாரமும் ‘இயல்பு, இயல்பு, இயல்பு’ என்றே இருக்கும். உண்மையில் மூன்று வாரத்தில் 3.3 கிலோ, அதாவது தொடக்க எடையில் 5.7% ஏறியிருக்கிறது. மெலிந்த இளைஞர்களிடம் பி.எம்.ஐ. செய்யும் ஏமாற்று இதுதான். ஆகவே வார்டுப் பக்கத்தில் முடிவுக்கான அளவு பி.எம்.ஐ. அல்ல, தொடக்க எடையிலிருந்து கூடிய சதவீதம்.

ஆனால் சதவீதத்தை வாரா வாரம் யார் கணக்கிடுவது? இரவுப் பணி முடித்து, காலை 6 மணிக்கு 30 பேருக்கு எடை பார்க்கும் செவிலியரிடம் அதைக் கேட்காதீர்கள். சேர்க்கை நாளிலேயே நீங்கள் இரண்டு எண்களைக் கணக்கிட்டு எடைப் பதிவுத் தாளின் தலைப்பில் எழுதிவிடுங்கள். இவருக்கு 58-இன் 3% கூட்டினால் 59.7; 5% கூட்டினால் 60.9. செவிலியர் செய்ய வேண்டியது ஒப்பிடுவது மட்டும். மார்ச் 17 அன்று 60.1 என்று எழுதும்போதே முதல் கோடு தாண்டியது தெரிகிறது. பணியிலிருக்கும் மருத்துவரிடம் சொல்கிறார். 24 அன்று இரண்டாவது கோடும் தாண்டுகிறது. முழு நெறிமுறையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்த இரண்டு எண்கள்தான்.

முதல் கோட்டில் என்ன செய்வது? உணவு பற்றிப் பேசுவது, மெட்ஃபார்மின் பற்றி முடிவெடுப்பது. 2024 வழிகாட்டுதலை அப்படியே பின்பற்றினால் இவருக்கு மார்ச் 3 அன்றே தொடங்கியிருக்க வேண்டும். 58 கிலோ எடையுள்ளவருக்கு, சர்க்கரை இயல்பாக இருக்கும்போது, முதல் நாளிலேயே இன்னொரு மாத்திரையா என்று உங்கள் துறையில் பலர் தயங்குவார்கள். தயக்கம் நியாயமானது. எடை ஏறாமல் தடுப்பதற்கான ஆய்வுகள் சிறியவை. 2022-இல் வந்த காக்ரேன் தொகுப்பு சுமார் 4 கிலோ வித்தியாசம் காட்டினாலும், சான்றின் நம்பகம் குறைவு என்றே மதிப்பிட்டது. மறுபக்கம், ஏறிய எடையை இறக்குவது எவ்வளவு கடினம் என்பதையும் பாருங்கள். 2013-இல் வெளியான 148 பேர் கொண்ட ஆய்வில் 16 வாரம் மெட்ஃபார்மின் எடுத்தவர்கள் 3 கிலோ இழந்தார்கள், போலி மாத்திரை எடுத்தவர்கள் 1 கிலோ. நிகர லாபம் 2 கிலோ. ஆகவே நான் சொல்லும் சமரசம் இது: ஓலான்சாபின், குளோசாபின் தொடங்கும் நாளில் ‘மெட்ஃபார்மின்: இப்போது / இல்லை, காரணம்’ என்று ஒரு வரியைக் கட்டாயமாக்குங்கள். ‘இல்லை’ என்று முடிவெடுத்தவருக்கு 3% கோடு தாண்டும்போது தொடங்குங்கள்.

அளவு எளிது. இரவு உணவோடு 500 மி.கி.; இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 500 மி.கி. கூட்டி, வயிறு தாங்கினால் நாளொன்றுக்கு 2,000 மி.கி. வரை. தொடங்கும் முன் கிரியேட்டினின் பார்த்திருக்க வேண்டும். சிறுநீரக வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே இருந்தால் புதிதாகத் தொடங்க வேண்டாம். 30-க்குக் கீழே இருந்தால் கொடுக்கவே கூடாது. கடுமையாகக் குடிப்பவருக்கு லாக்டிக் அமிலத்தேக்க ஆபத்து இருப்பதால் அவரையும் விலக்குங்கள். எடைக்காக இந்த மருந்தைத் தருவது அதன் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாடு அல்ல. நோயாளியிடமும் வீட்டாரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், ‘எனக்குச் சர்க்கரையே இல்லை, ஏன் சர்க்கரை மாத்திரை?’ என்று வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவது கோட்டில் மருந்தை மாற்றுவது பற்றிய பேச்சு வருகிறது. இந்த இடத்தில் பக்கம் அடக்கமாகப் பேச வேண்டும். மார்ச் 24 அன்று இந்த இளைஞர் குரல்கள் அடங்கி, இப்போதுதான் தூங்க ஆரம்பித்திருக்கிறார். எடை 5% கூடியது என்பதற்காக அந்த வாரமே அரிபிப்ரசோலுக்கு மாற்று என்று ஒரு தாள் கட்டளையிட்டால் அது ஆபத்தான தாள். ‘மூத்த மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் முடிவெடுத்து எழுத வேண்டும்: மாற்றுகிறோம் / இப்போது மாற்றவில்லை, காரணம், மறுபரிசீலனைத் தேதி’ என்பது போதும். குளோசாபின் எடுப்பவர் வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாததால்தான் அதற்கு வந்திருக்கிறார். அவரிடம் மாற்றுவது என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் இடமில்லை, தலையீட்டைக் கூட்டுவதுதான் வழி.

ஒரு விதிவிலக்கைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மாதக்கணக்கில் சாப்பிடாமல், தெருவில் அலைந்து, பி.எம்.ஐ. 16-இல் வந்து சேர்பவருக்கு முதல் சில கிலோ உடம்பு தேறுவதுதான். 18.5 வரை அந்தக் கோடுகள் பொருந்தாது. இதற்கு ஆய்வுச் சான்று தேட வேண்டாம், இது வார்டுப் பகுத்தறிவு. ஆனால் எடையை எழுதுவதை நிறுத்தக் கூடாது, சர்க்கரைச் சோதனையையும் விடக் கூடாது.

இன்னொன்று, தொடக்க எடை எது என்ற கேள்வி. மறுபடி சேர்க்கப்படும் நோயாளியிடம்தான் இது சறுக்கும். ஐந்து ஆண்டு ஓலான்சாபின் எடுத்து 58 கிலோவிலிருந்து 74 கிலோ ஆனவர் மறுபடி வருகிறார். இன்றைய 74-ஐத் தொடக்க எடை என்று எழுதினால், அவர் 76.2 கிலோ ஆகும்வரை பக்கம் மௌனமாக இருக்கும். பழைய கேஸ் ஷீட்டிலோ பழைய டிஸ்சார்ஜ் சுருக்கத்திலோ மருந்துக்கு முந்தைய எடை இருக்கிறதா என்று தேடி, இரண்டையும் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டாரிடம் பழைய சட்டை அளவைக் கேளுங்கள். எண் கிடைக்காது, கதை கிடைக்கும். இவருக்கு 3% கோட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, சேர்க்கை நாளிலேயே இரண்டாவது படியில் இருக்கிறார்.

சர்க்கரைச் சோதனையில் வழிகாட்டுதல்கள் சொல்லாத ஒரு சிக்கல் நம் வார்டுகளில் உண்டு. ‘வெறும் வயிறு’ என்று தாளில் எழுதியிருக்கும். துணைக்கு இருக்கும் அம்மா காலை ஐந்தரை மணிக்குக் கடையில் வாங்கிய இனிப்புத் தேநீரை ஊற்றிக் கொடுத்திருப்பார், ஏழு மணிக்கு இரத்தம் எடுப்பார்கள். 118 என்று வரும். அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையா, தேநீரா? இதற்காகத்தான் இரத்தம் எடுக்கும் படிவத்தில் ‘கடைசியாக உண்டது/குடித்தது எத்தனை மணிக்கு’ என்று ஒரு கட்டம் வேண்டும். கொழுப்புச் சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்று 2016-லேயே ஐரோப்பிய நிபுணர் குழு சொல்லிவிட்டது. டிரைகிளிசரைடு 440-ஐத் தாண்டினால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்த்தால் போதும். அந்தச் சுமையை இறக்கிவிடுங்கள்.

அப்படியென்றால் எச்பிஏ1சி பார்த்துவிடலாமே, உணவுப் பிரச்சினையே இல்லையே என்பீர்கள். சேர்க்கை நாளில் நல்லது. இரண்டு எச்சரிக்கை உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில் அது உண்மைக்கு மேல் காட்டக்கூடும்; 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57% பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. எனவே பக்கத்தில் ஹீமோகுளோபினை அதன் அருகிலேயே எழுத இடம் விடுங்கள். இரண்டாவது, அது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி. மருந்து தொடங்கி மூன்றாவது வாரத்தில் சர்க்கரை திடீரென்று ஏறினால் எச்பிஏ1சி அதைப் பிடிக்காது. வார்டில் இருக்கும் காலத்துக்குக் குளுக்கோமீட்டரே நம்பகமானது.

திடீரென்று ஏறுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எடை பெரிதாகக் கூடாமலே, மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில், கீட்டோன் அமிலத்தேக்கம்வரை போனவர்கள் பற்றிய அறிக்கைகள், குறிப்பாகக் குளோசாபினிலும் ஓலான்சாபினிலும், 2000-களின் தொடக்கத்திலேயே குவிந்தன. அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. மனநல வார்டில் இது தப்பிப் போவதற்குக் காரணம், அதன் ஒவ்வோர் அறிகுறிக்கும் இங்கே வேறு விளக்கம் தயாராக இருப்பது. அளவில்லாமல் தண்ணீர் குடிக்கிறார் என்றால் ‘மனநோயில் அப்படிக் குடிப்பார்கள்’. தூங்கி வழிகிறார் என்றால் ‘மருந்து மயக்கம்’. வாந்தி என்றால் ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’. பக்கத்தின் அடியில் கறுப்புக் கட்டம் கட்டி எழுத வேண்டிய ஒரே விஷயம் இதுதான்: அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, புதிய மயக்கம், இவற்றில் எது வந்தாலும் மருத்துவரை எதிர்பார்க்காமல் செவிலியரே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கலாம், 200-ஐத் தாண்டினால் சிறுநீரில் கீட்டோன், உடனே மருத்துவருக்கு அழைப்பு. ‘மருத்துவரை எதிர்பார்க்காமல்’ என்ற சொற்களுக்குத் துறைத் தலைவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இரவு இரண்டு மணிக்கு யாரும் குத்த மாட்டார்கள்.

இப்போது பக்கம் ஏறக்குறைய இப்படி வரும்:

சேர்க்கை (72 மணி நேரத்துக்குள், பயிற்சி மருத்துவர்). எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம். வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது எச்பிஏ1சி, ஹீமோகுளோபின், கொழுப்பு, கிரியேட்டினின். குடும்பத்தில் சர்க்கரை நோய்? புகை? மருந்துக்கு முந்தைய எடை தெரியுமா? 3%, 5% கோடுகளைக் கணக்கிட்டு எழுதவும். ஓலான்சாபின்/குளோசாபின் என்றால் மெட்ஃபார்மின் முடிவு.

வாரந்தோறும் ஒரே கிழமை (செவிலியர்). காலை, கழிப்பறை போய்வந்த பின், உணவுக்கு முன், ஒரே எடைக்கருவி. 3% தாண்டினால் அன்றே மருத்துவருக்குத் தகவல்: உணவு ஆலோசனை, மெட்ஃபார்மின். 5% தாண்டினால் மூத்த மருத்துவர் முடிவு, 72 மணி நேரத்துக்குள், எழுத்தில். விதிவிலக்கு: பி.எம்.ஐ. 18.5 ஆகும்வரை இந்தக் கோடுகள் பொருந்தாது.

எண்கள் வந்தால் (பயிற்சி மருத்துவர்). வெறும் வயிற்றில் 100–125: உணவு நேரத்தைச் சரிபார்த்து மறுசோதனை, உறுதியானால் மருந்துத் தேர்வை மறுபடி யோசிக்கவும். 126 அல்லது அதற்கு மேல், அல்லது எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல்: இன்னொரு நாள் உறுதிசெய்து பொது மருத்துவப் பிரிவுக்கு. இரத்த அழுத்தம் இரு முறை 140/90 அல்லது அதற்கு மேல், அல்லது டிரைகிளிசரைடு 500-க்கு மேல்: அந்த வாரமே பொது மருத்துவப் பிரிவு.

வீட்டுக்கு அனுப்பும் நாள். கடைசி எடை, இரு கோடுகள், 6-வது, 12-வது வாரத் தேதிகள்.

கட்டத்துக்குள்: தாகம், சிறுநீர், வாந்தி, மயக்கம். செவிலியரே குத்திப் பார்க்கலாம்.

இடுப்புச் சுற்றளவைச் சேர்க்கையில் மட்டும் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்ற இந்திய எல்லை நல்ல எல்லைதான். ஆனால் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆளுக்கு ஆள் சில செ.மீ. மாறும் ஓர் அளவை வாரா வாரம் எடுத்து என்ன செய்வது? சேர்க்கை எடையிலும் ஒரு சிக்கல்: கொந்தளிப்பில் வரும் நோயாளியை முதல் நாள் எடைக்கருவியில் நிறுத்த முடியாது. அதனால்தான் 72 மணி நேரம். ‘சேர்க்கை நாள்’ என்று எழுதினால் பலருக்கு ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிட்டு மறந்துபோவார்கள்.

இனி நான்காவது தருணம், அதாவது தலைப்பில் சொன்ன 12-வது வாரம். நம் இளைஞர் மார்ச் 26 அன்று வீட்டுக்குப் போகிறார். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘12 வாரத்தில் சர்க்கரை, கொழுப்பு பார்க்கவும்’ என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். எந்த நாளிலிருந்து 12 வாரம்? மருந்து தொடங்கிய மார்ச் 3-லிருந்து எண்ணி, தேதியாக எழுதுங்கள். 6-வது வாரம் ஏப்ரல் 14. அன்று அரசு விடுமுறை, ஆகவே 15. 12-வது வாரம் மே 26. நடுவில் வரும் வாரங்களுக்கு எடை மட்டும்தான் தேவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்களுக்கான செவிலியர் எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார். மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாம் அருகில் நடந்தால் அங்கேயும் பார்க்கலாம். அவர்களிடம் காட்ட ஒரு சிறிய அட்டை கொடுங்கள். அதில் நோயின் பெயர் வேண்டாம். தொடக்க எடை 58.0, ‘இதைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்கவும்’ என்று ஓர் எண், இரண்டு தேதிகள், மெட்ஃபார்மின் அளவு. ஏற்கெனவே 61.3-இல் இருக்கும் இவருக்குப் பழைய 60.9 என்ற எண்ணால் பயனில்லை. இங்கே மூத்த மருத்துவர் புதிய எண் ஒன்றைத் தர வேண்டும், உதாரணமாக 62.5.

பக்கம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? மூன்று மாதம் கழித்துப் பத்து கேஸ் ஷீட்டுகளை எடுங்கள். ‘எடை எழுதப்பட்டிருக்கிறதா’ என்று பார்க்காதீர்கள், எல்லாவற்றிலும் எழுதப்பட்டிருக்கும். எழுதப்பட்டது எடைதானா என்று பாருங்கள். 58, 58, 58 என்று நான்கு வாரமும் மாறாமல் இருந்தால் யாரும் கருவியில் ஏற்றவில்லை, முந்தைய வரியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எல்லா எடைகளும் முழு எண்களாக இருந்தாலோ 5-இலும் 0-விலும் முடிந்தாலோ, முள்ளுக் கருவியை நின்றபடி தோராயமாகப் படித்திருக்கிறார்கள். தசமம் காட்டும் கருவி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரே நாளில் ஒன்பது பேருக்கு எடை குறைந்திருந்தால் கருவியை யாரோ மெத்தைமேல் அல்லது சாய்ந்த தரையில் வைத்திருக்கிறார்கள். அடுத்து, 3% கோடு தாண்டிய ஷீட்டுகளை மட்டும் பிரித்து, தாண்டிய தேதிக்கும் மருத்துவர் எதையாவது எழுதிய தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். துறைக் கூட்டத்தில் காட்ட அந்த ஓர் எண் போதும்.

பின்னிணைப்புக் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணின் கீழ் கோப்பில் மூன்று வாக்கியம் எழுதுங்கள்: எந்த வழிகாட்டுதல், அது ஆய்வுச் சான்றா நிபுணர் உடன்பாடா, நாம் ஏன் இதை எடுத்தோம். 18.5 விதிவிலக்கு போல வார்டே முடிவுசெய்தவற்றை ‘வார்டு முடிவு’ என்றே குறியுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர் எதைத் தயங்காமல் மாற்றலாம், எதை மாற்றும் முன் படிக்க வேண்டும் என்பது அவருக்கு அதிலிருந்து தெரியும். பக்கத்தின் மூலையில் எழுதிய தேதியும் மறுபரிசீலனைத் தேதியும் இருக்கட்டும். 3% எல்லையும் மெட்ஃபார்மின் பரிந்துரையும் புதியவை. முதலில் மாறப்போவது அவைதான் என்பதால் ஓராண்டுக்கு மேல் தள்ள வேண்டாம். புதியதை ஒட்டும் முன் சுவரில் இருக்கும் பழையதைக் கிழித்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் எடை பார்க்கும் நாளன்று எந்தத் தாள் என்று யாரும் உங்களை எழுப்பிக் கேட்க மாட்டார்கள். வேலை குறைவாகச் சொல்லும் தாளையே எடுத்துக்கொள்வார்கள்.